கயிற்றில் ஓடும் அலையின் வேகம்: v = √(T/μ) சூத்திரத்தை நாமே வருவிப்பது எப்படி

துணி காயப்போடும் கொடிக்கயிற்றின் ஒரு முனையைத் தூணில் கட்டுங்கள். மறுமுனையைக் கையில் இழுத்துப் பிடித்து ஒரு முறை மேலே உதறுங்கள். ஒரு மேடு கயிற்றின் வழியே தூண் வரை ஓடி, தலைகீழாகி உங்களிடமே திரும்பி வரும். அடுத்த முறை இன்னும் பலமாக உதறிப் பாருங்கள். மேடு உயரமாகும், ஆனால் போய்த் திரும்பும் நேரம் மாறாது. பிறகு கயிற்றை இன்னும் இறுக்கி இழுத்துக்கொண்டு உதறுங்கள். இப்போதுதான் மேடு விரைந்து ஓடும்.

பதினோராம் வகுப்பில் இதற்குரிய சூத்திரத்தைப் படிக்கிறோம்: v = √(T/μ). இதில் T என்பது கயிற்றின் இழுவிசை. μ என்பது ஓரலகு நீளத்தின் நிறை, அதாவது ஒரு மீட்டர் கயிறு எத்தனை கிலோகிராம் இருக்கும் என்பது. கை எவ்வளவு வேகமாக உதறியது என்பதற்கு இந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை. மேட்டின் உயரத்துக்கும் வடிவத்துக்கும்கூட இடமில்லை. அவையெல்லாம் எங்கே போய்விட்டன என்ற கேள்விதான் இந்த வருவிப்பின் உயிர். எந்தப் படியில் எது, ஏன் அடிபட்டுப் போகிறது என்று தெரிந்துகொண்டவருக்குச் சூத்திரம் மறக்காது. அதனால் புத்தகத்தில் வழக்கமாக வரும் வட்டவில் முறையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, அதைவிட எளிதான வேறொரு வழியில் தொடங்குகிறேன்.

முதலில் இரண்டு வேகங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

இந்தப் பாடத்தில் நான் பார்த்த குழப்பங்களில் பாதி, இரண்டு வேகங்களை ஒன்றாக எண்ணுவதால் வருபவை. கயிற்றில் ஓரிடத்தில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டிவிட்டு உதறுங்கள். நூல் மேலே எழும்பிக் கீழே இறங்குமே தவிர, தூணை நோக்கிப் போகாது. கயிற்றின் துகள் இப்படி மேலும் கீழும் நகரும் வேகத்தை u என்று வைத்துக்கொள்வோம். மேடு என்ற வடிவம் கயிற்றின் வழியே ஓடும் வேகம் v. நாம் தேடுவது v. கை நேரடியாகத் தீர்மானிப்பது u.

இன்னும் மூன்று நிபந்தனைகள் வேண்டும். கயிறு வளைக்க எளிதானதாக இருக்க வேண்டும். அது விசை செலுத்துவது தன் நீளவாக்கில் இழுப்பதால் மட்டுமே. அலை எழும்போது கயிற்றின் சாய்வு சிறியதாக இருக்க வேண்டும், அப்போதுதான் இழுவிசை எங்கும் T என்றே இருப்பதாகக் கொள்ளலாம். புவியீர்ப்பு, காற்றின் தடை இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடுகிறோம். இந்த நிபந்தனைகள் எங்கே உடைகின்றன என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

முடக்கு ஓடும் கதை

கயிறு கிடைமட்டமாக, அசையாமல், T என்ற இழுவிசையில் இருக்கிறது. t = 0 என்ற கணத்தில் கையை மாறாத வேகம் u உடன் நேர்மேலே உயர்த்தத் தொடங்குகிறீர்கள். உதறிவிட்டு நிறுத்த வேண்டாம், சீராக உயர்த்திக்கொண்டே இருங்கள்.

t நேரம் கழித்துக் கயிறு எப்படி இருக்கும்? கை ut உயரத்தில் இருக்கும். கையருகே உள்ள கயிறு சாய்ந்து இறங்கி வந்து, ஓரிடத்தில் முடங்கி, அதற்கப்பால் பழையபடி கிடைமட்டமாகவே நிற்கும். கை அசைந்த செய்தி அந்த முடக்கு வரைதான் எட்டியிருக்கிறது. அந்தச் செய்தி v வேகத்தில் போகிறது என்றால் முடக்கு இப்போது vt தொலைவில் இருக்கும். ஆக, vt அகலமும் ut உயரமும் கொண்ட செங்கோண முக்கோணம் ஒன்று கிடைக்கிறது. கயிற்றின் சாய்ந்த பகுதி அதன் கர்ணம். நேரம் கூடக் கூட முக்கோணம் பெரிதாகிறது, ஆனால் சாய்வு எப்போதும் u/v தான். சாய்ந்த பகுதியில் உள்ள துகள்கள் எல்லாம் ஒரே வேகத்தில், u வேகத்தில், மேலே போய்க்கொண்டிருக்கின்றன. முடக்குக்கு அப்பால் உள்ளவை இன்னும் அசையவில்லை.

இனி நியூட்டனின் இரண்டாம் விதி: செங்குத்து விசை × நேரம் = செங்குத்து உந்தத்தின் மாற்றம்.

இடப்பக்கத்தை முதலில் கணக்கிடுவோம். கை கயிற்றை அதன் சாய்வுத் திசையில் இழுக்கிறது. அந்த இழுப்பின் கிடைமட்டக் கூறு T. முக்கோணத்தின் சாய்வு u/v என்பதால் செங்குத்துக் கூறு T × u/v. இந்த விசை t நேரம் செயல்பட்டிருக்கிறது. ஆகவே கை கயிற்றுக்குக் கொடுத்த செங்குத்துக் கணத்தாக்கு:

T × (u/v) × t

இப்போது வலப்பக்கம். அசையும் கயிறு எவ்வளவு? தொடக்கத்தில் vt நீளத்தில் இருந்த கயிறுதான் இப்போது மேலே போய்க்கொண்டிருக்கிறது. அதன் நிறை μvt. அதன் வேகம் u. எனவே உந்தம்:

μ × v × t × u

இரண்டையும் சமப்படுத்துங்கள்:

T u t / v = μ v t u

இரு பக்கமும் u இருக்கிறது, t-யும் இருக்கிறது. இரண்டும் அடிபடுகின்றன. எஞ்சுவது:

T / v = μ v, அதாவது v² = T/μ

வருவிப்பு இவ்வளவுதான். இதில் u அடிபட்டுப் போன காரணத்தைச் சற்று நின்று பாருங்கள். கையை இரு மடங்கு வேகமாக உயர்த்தினால், கயிறு பெறவேண்டிய உந்தம் இரு மடங்காகிறது. ஆனால் அப்போது கயிற்றின் சாய்வும் இரு மடங்காவதால், இழுவிசையின் செங்குத்துக் கூறும் தானாகவே இரு மடங்காகிறது. தேவை எவ்வளவு கூடுகிறதோ அதே அளவு கையிருப்பும் கூடுகிறது. அதனால்தான் பலமாக உதறினாலும் மேடு முன்னதாகப் போய்ச் சேருவதில்லை.

எண்களைப் போட்டுச் சரிபார்ப்போம்

ஒரு மீட்டருக்கு 50 கிராம் நிறை உள்ள கயிறு, இழுவிசை 20 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். μ = 0.05 கி.கி/மீ. சூத்திரப்படி v = √(20/0.05) = √400 = 20 மீ/வி. கை வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் உயர்கிறது, 0.1 வினாடி ஆகிறது.

கை 10 செ.மீ. உயர்ந்திருக்கும், முடக்கு 2 மீட்டர் தள்ளி இருக்கும். சாய்வு 1/20. கை செலுத்திய செங்குத்து விசை 20 × 1/20 = 1 நியூட்டன். கணத்தாக்கு 1 × 0.1 = 0.1. அசையும் கயிற்றின் நிறை 2 × 0.05 = 0.1 கி.கி. அதன் உந்தம் 0.1 × 1 = 0.1. சரியாகிறது.

ஆற்றல் கணக்கையும் பார்த்துவிடலாம். பலரும் இதைச் செய்வதில்லை, ஆனால் நம் படத்தின்மேல் உண்மையான நம்பிக்கை வருவது இங்கேதான். கை செய்த வேலை: 1 நியூட்டன் × 0.1 மீட்டர் = 0.1 ஜூல். கயிறு பெற்ற இயக்க ஆற்றல்: ½ × 0.1 × 1² = 0.05 ஜூல். பாதியைக் காணோமே! அந்தப் பாதி, கயிறு நீண்டதில் போயிருக்கிறது. முன்பு 2 மீட்டர் இருந்த கயிறு இப்போது முக்கோணத்தின் கர்ணமாக இருக்கிறது, அதன் நீளம் √(2² + 0.1²) = 2.0025 மீட்டர். 2.5 மி.மீ. நீண்டிருக்கிறது. 20 நியூட்டன் இழுவிசைக்கு எதிராக 0.0025 மீட்டர் நீட்ட 0.05 ஜூல் வேண்டும். இரண்டையும் கூட்டினால் 0.1 ஜூல், கை செய்த வேலை அப்படியே வந்துவிடுகிறது. ஓடும் அலையில் இயக்க ஆற்றலும் நிலை ஆற்றலும் சரிபாதி என்று பின்னால் ஒரு பாடத்தில் வரும். அதன் வேர் இந்த 2.5 மி.மீட்டரில் இருக்கிறது.

வளைவு இருக்கும் இடத்தில்தான் முடுக்கம்

கூர்மையான முடக்கு ஒரு தனிப்பட்ட வடிவம்தானே, மேடு போன்ற வழவழப்பான வடிவத்துக்கும் இதே வேகம்தானா என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வி அது.

முடக்குப் படத்திலேயே விடைக்கான குறிப்பு இருக்கிறது. சாய்ந்த பகுதியின் நடுவில் ஒரு சிறு துண்டை எடுங்கள். அதன் இரு முனைகளையும் அக்கம்பக்கத்துக் கயிறு ஒரே நேர்கோட்டில், எதிரெதிர்த் திசையில், சம விசையோடு இழுக்கிறது. நிகர விசை சுழி. அதனால்தான் அந்தத் துண்டு மாறாத வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. கயிறு எவ்வளவு சாய்ந்திருந்தாலும் சரி, நேராக இருக்கும்வரை முடுக்கம் இல்லை. முடக்கில் மட்டும் இருபக்க இழுப்புகளும் ஒரே கோட்டில் இல்லை. அசையாமல் இருந்த துகள் u வேகத்தைப் பெறுவது அங்கேதான். சாய்வு விசை தருவதில்லை, சாய்வில் ஏற்படும் மாற்றமே விசை தருகிறது. வழவழப்பான மேட்டை, ஒன்றையடுத்து ஒன்றாக வரும் எண்ணற்ற சிறு முடக்குகளாகப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் ஒரே வேகத்தில் ஓடுவதால் மொத்த மேடும் வடிவம் குலையாமல் ஓடுகிறது.

இதையே கணிதமாக எழுதுவோம். கயிற்றின் உயரம் y. அது இடம் x, நேரம் t இரண்டையும் பொறுத்தது. x-க்கும் x + dx-க்கும் இடைப்பட்ட சிறு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். வலது முனையில் செங்குத்து விசை, T × (அங்குள்ள சாய்வு). இடது முனையில், T × (அங்குள்ள சாய்வு), ஆனால் எதிர்த் திசையில். இரண்டின் வித்தியாசமே நிகர விசை. சாய்வு என்பது ∂y/∂x; dx தூரத்தில் அது மாறும் அளவு (∂²y/∂x²) dx. ஆகவே:

நிகர விசை = T (∂²y/∂x²) dx

துண்டின் நிறை μ dx, முடுக்கம் ∂²y/∂t². நியூட்டன் விதியில் இட்டு dx-ஐ அடித்துவிட்டால்:

T ∂²y/∂x² = μ ∂²y/∂t²

இதுதான் அலைச் சமன்பாடு. 1747-இல் டி அலம்பேர் இதற்குப் பொதுத் தீர்வைத் தந்தார். கம்பியின் சுரத்துக்கும் அதன் நீளம், இழுவிசை, நிறைக்கும் உள்ள தொடர்பை அதற்கு நூறாண்டுக்கு முன்பே, 1636-இல், மெர்சென் சோதனைகளின் வழியே எழுதிவைத்திருந்தார். இயக்க விதிகளிலிருந்து முதலில் அதை வருவித்தவர் புரூக் டெய்லர், 1713-இல். அளந்து அறிந்த விதிக்குக் காரணம் கிடைக்க ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

சமன்பாட்டுக்குள் v இன்னும் வரவில்லை. அதைக் கொண்டுவர, ஒரு வடிவம் குலையாமல் v வேகத்தில் வலப்பக்கம் நகர்கிறது என்று வைப்போம். அதை y = f(x − vt) என்று எழுதலாம். இதை x-ஐப் பொறுத்து இருமுறை வகையிட்டால் f″ கிடைக்கும். t-ஐப் பொறுத்து வகையிடும்போது ஒவ்வொரு முறையும் −v ஒன்று வெளியே வரும்; இருமுறை செய்தால் v² f″. சமன்பாட்டில் இடுங்கள்:

T f″ = μ v² f″

f″ அடிபடுகிறது. முன்பு u எப்படிப் போனதோ அப்படியே இங்கே மேட்டின் வடிவம் போய்விட்டது. எஞ்சுவது அதே v² = T/μ. இங்கே f என்னவென்று நாம் சொல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். சைன் அலையாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

இந்த வழியில் ஒரு தோராயம் ஒளிந்திருக்கிறது. கோணம் θ என்றால் செங்குத்துக் கூறு T sin θ. நாம் எழுதியதோ T tan θ. சாய்வு 0.1 ஆக இருக்கும்போது sin θ 0.0995, பிழை அரை விழுக்காடுதான். சாய்வு 0.5 ஆனால் sin θ 0.447, பிழை பத்து விழுக்காட்டைத் தாண்டிவிடும். வீணையோ கிட்டாரோ மீட்டும்போது கம்பியின் சாய்வு மிகச் சிறியது, கவலையில்லை. தளர்ந்த கயிற்றைப் பெரிய மேடாக உதறுகிறவர்தான் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

புத்தகத்தின் வட்டவில் முறை

தேர்வில் பெரும்பாலும் எழுதவேண்டியது இது என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேட்டோடு அதே v வேகத்தில் நீங்களும் ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பார்வையில் மேடு நிற்கிறது. கயிறுதான் அந்த வடிவத்தின் வழியே v வேகத்தில் பின்னோக்கி வழுக்கிச் செல்கிறது. மேட்டின் உச்சியில் உள்ள சிறு துண்டை R ஆரமுள்ள வட்டத்தின் வில்லாகக் கொள்ளலாம். மையத்தில் அது தாங்கும் கோணம் 2θ என்றால் நீளம் 2Rθ, நிறை 2μRθ. இரு முனைகளிலும் T கீழ்நோக்கிச் சாய்ந்து இழுப்பதால் மையத்தை நோக்கிய நிகர விசை 2T sin θ, சிறு கோணத்துக்கு 2Tθ. அந்தத் துண்டு வட்டத்தில் திரும்பத் தேவையான மையநோக்கு விசை (நிறை × v²/R) = 2μθv². சமப்படுத்தினால் v² = T/μ.

இந்த முறையில் மாணவர்கள் இரண்டு இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். முதலாவது, கயிற்றின் துகள் உண்மையிலேயே வட்டமாகச் சுற்றுகிறது என்று நினைத்துக்கொள்வது. தரையில் நிற்பவருக்குத் துகள் மேலும் கீழும்தான் போகிறது. வட்டப்பாதை, கூடவே ஓடுகிறவரின் பார்வைக்கு மட்டும் உரியது. மாறாத வேகத்தில் ஓடுவதால் நியூட்டன் விதிகள் அந்தப் பார்வையிலும் அப்படியே செல்லும், அதனால் இந்த உத்தி செல்லுபடியாகிறது. இரண்டாவது, R என்னவென்று தேடுவது. R தேவையே இல்லை, அது அடிபட்டுப்போவதுதான் இங்கே நடக்கும் முக்கியமான சங்கதி. கூர்ந்து வளைந்த இடத்தில் திரும்புவதற்கு வேண்டிய முடுக்கம் அதிகம், ஆனால் இழுவிசை தரும் உள்நோக்கு விசையும் அங்கே அதே விகிதத்தில் அதிகம்.

சுரமானியில் ஒரு முழுக் கணக்கு

சூத்திரம் சரியா என்று பள்ளி ஆய்வகத்திலேயே பார்த்துவிடலாம். கம்பியில் அலை ஓடும் வேகத்தைக் கண்ணால் அளக்க முடியாது. ஆனால் அதைச் சுரமாக மாற்றிக் காதால் அளக்கலாம். சுரமானி என்பது ஒரு பெட்டியின்மேல் கம்பியை நீட்டி, கப்பி வழியே எடையைத் தொங்கவிட்டு இழுக்கும் கருவி. அதில் இரண்டு கத்திமுனைகளுக்கு நடுவே கம்பியின் நீளம் L என்றால், அலை ஒரு முனையிலிருந்து கிளம்பி மறுமுனையில் மோதித் திரும்பி வந்து சேர 2L தூரம் ஓட வேண்டும். அடிப்படை அதிர்வில் ஓர் அதிர்வுக்கு ஆகும் நேரம் அதுதான். எனவே அதிர்வெண் f = v/2L.

0.5 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் கம்பி, தொங்கும் நிறை 4 கி.கி., இசைக்கவை 256 ஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொள்வோம். எஃகின் அடர்த்தி 7850 கி.கி/மீ³.

கம்பியின் குறுக்கு வெட்டுப் பரப்பு π × (0.25 × 10⁻³)² = 1.963 × 10⁻⁷ மீ². இதை அடர்த்தியால் பெருக்கினால் μ = 1.54 × 10⁻³ கி.கி/மீ, அதாவது மீட்டருக்கு ஒன்றரை கிராம். T = 4 × 9.8 = 39.2 நியூட்டன். v = √(39.2 / 0.00154), ஏறக்குறைய 159.5 மீ/வி. ஒத்ததிர்வு நீளம் L = 159.5 / (2 × 256) = 0.312 மீட்டர்.

கம்பியின் நடுவில் சிறு தாள் துண்டை மடித்து வையுங்கள். இசைக்கவையைத் தட்டி, அதன் காம்பைப் பெட்டியின்மேல் ஊன்றுங்கள். கத்திமுனைகளை மெல்ல நகர்த்திக்கொண்டே போனால் 31 செ.மீ. பக்கத்தில் தாள் துண்டு துள்ளிக் கீழே விழ வேண்டும்.

விழவில்லை என்றால் அல்லது வேறு நீளத்தில் விழுந்தால், எந்த அளவு தள்ளி விழுந்தது என்பதை வைத்தே பிழையைக் கண்டுபிடிக்கலாம். கணக்கில் v வெறும் 51 மீ/வி என்று வந்திருந்தால் நீங்கள் T-க்கு 4 என்று போட்டிருக்கிறீர்கள். கிலோகிராமை நியூட்டனாக மாற்ற மறந்தால் விடை √9.8, அதாவது மூன்று மடங்குக்குச் சற்று மேல், குறைந்துவிடும். v சரியாகப் பாதியாக, 80 என்று வந்தால் விட்டத்தை ஆரமாக எடுத்துப் பரப்பை நான்கு மடங்காக்கியிருக்கிறீர்கள்.

கணக்கில் பிழை இல்லை, அளவீட்டில்தான் பிழை என்றால் ஒரே ஓர் அளவீடு போதாது. 2, 3, 4, 5 கி.கி. என்று நிறையை மாற்றி ஒவ்வொன்றுக்கும் L அளந்து, கிடை அச்சில் நிறையும் நெடு அச்சில் L²-உம் குறித்து வரையுங்கள். L² = T/(4f²μ) என்பதால் ஆதிப்புள்ளி வழியே செல்லும் நேர்கோடு கிடைக்க வேண்டும். எடைகளைத் தாங்கும் கொக்கிக்கும் நிறை உண்டு. அரைக் கிலோ கொக்கியைச் சேர்க்க மறந்தால் கோடு ஆதிப்புள்ளியைத் தொடாமல் நிறை அச்சை −0.5 என்ற இடத்தில் வெட்டும். அந்த எண்ணே கொக்கியின் நிறையைச் சொல்லிவிடும். கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகிறது, சரிவு மட்டும் தவறாக இருக்கிறது என்றால் சந்தேகம் μ மேல் விழ வேண்டும். v விட்டத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், திருகு அளவியின் சுழிப்பிழை 0.02 மி.மீ. இருந்தாலே இந்தக் கம்பியில் நான்கு விழுக்காடு தவறும். இதைத் தவிர்க்க நல்ல வழி, அதே கம்பிச் சுருளிலிருந்து சில மீட்டர் வெட்டித் துல்லியத் தராசில் எடைபோட்டு நீளத்தால் வகுத்துவிடுவது. அப்படிச் செய்தால் விட்டமும் வேண்டாம், அடர்த்தியும் வேண்டாம்.

கப்பியின் உராய்வு இன்னொரு திருடன். எடை ஏற்றும்போது கம்பி கப்பியின்மேல் எடைப் பக்கமாக நகர்கிறது. உராய்வு அதைத் தடுப்பதால் பெட்டியின் மேலுள்ள கம்பிக்கு முழு இழுவிசையும் வந்து சேராது, L குறைவாகக் கிடைக்கும். எடை இறக்கும்போது நேர்மாறாக L கூடுதலாகக் கிடைக்கும். ஒரே நிறைக்கு ஏற்றும்போதும் இறக்கும்போதும் அளந்து பாருங்கள். இரண்டு நீளங்களும் வேறுபட்டால் உராய்வு இருக்கிறது. சராசரி எடுப்பது ஓரளவு உதவும்.

எங்கே எச்சரிக்கை வேண்டும்

கம்பியை இழுத்தால் அது நீளுமே, அப்போது μ மாறாதா? நம் சுரமானிக் கம்பியில் தகைவு 39.2 நியூட்டனை 1.963 × 10⁻⁷ மீ²-ஆல் வகுத்தால் கிடைப்பது, 2 × 10⁸ பாஸ்கல். எஃகின் யங் குணகம் சுமார் 2 × 10¹¹ பாஸ்கல். திரிபு ஆயிரத்தில் ஒன்று: ஒரு மீட்டர் கம்பி ஒரு மில்லிமீட்டர் நீள்கிறது. μ-வின் மாற்றமும் அவ்வளவே, தயங்காமல் விட்டுவிடலாம்.

இழுவிசை இடத்துக்கு இடம் மாறும் நிலையும் உண்டு. உத்தரத்திலிருந்து வெறுமனே தொங்கும் கனமான வடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்முனையிலிருந்து h உயரத்தில் உள்ள புள்ளி, தனக்குக் கீழே இருக்கும் வடத்தை மட்டுமே தாங்குகிறது; ஆகவே அங்கே T = μgh, v = √(gh). μ அடிபட்டுவிடுவதால் மெல்லிய வடமும் தடித்த வடமும் இதில் ஒன்றுதான். கீழ்முனையை உதறினால் மேடு மெதுவாகக் கிளம்பி, ஏற ஏற வேகம் பிடிக்கும். உச்சிக்குப் போக ஆகும் நேரம் 2√(H/g). 10 மீட்டர் வடத்துக்கு இரண்டு வினாடி. இங்கே v = √(T/μ) பொய்த்துப்போகவில்லை; ஒவ்வோர் இடத்திலும் அந்தந்த T-யைப் போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவே. தடித்த, விறைப்பான கம்பியில்தான் வருவிப்பே ஆட்டம் காண்கிறது. இழுவிசை மட்டுமல்லாமல் கம்பியின் விறைப்பும் அதை நிமிர்த்தப் பார்ப்பதால், கூர்மையாக வளையும் குறுகிய அலைகள் மற்றவற்றைவிட வேகமாக ஓடும். பியானோக் கம்பிகளின் மேல்சுரங்கள் முழுமடங்கைவிடச் சற்றே ஏறி ஒலிப்பது இதனால்தான்.

ரப்பர் வளையம் இன்னும் சுவையானது, கையிலேயே செய்து பார்க்கலாம். வளையத்தை இரு விரல்களில் மாட்டி இழுத்து மீட்டுங்கள். இன்னும் விரித்து மீட்டுங்கள். இழுவிசை நன்றாகக் கூடியிருப்பது விரலுக்கே தெரியும், சுரமோ எதிர்பார்த்த அளவு ஏறாது. ரப்பர், நீட்சிக்கு ஏற்ற விசை தரும் சுருள்வில்லைப் போல நடக்கிறது என்று வைத்துக் கணக்கிட்டால் காரணம் விளங்கும். இயல்பு நீளம் L₀, இழுத்த நீளம் L, மொத்த நிறை m, விசை மாறிலி k என்றால் T = k(L − L₀), μ = m/L. இங்கே μ-வும் மாறுகிறது. v = √(kL(L − L₀)/m). சுரத்துக்காக 2L-ஆல் வகுத்தால்:

f = ½ √( (k/m)(1 − L₀/L) )

L இரு மடங்காக இருக்கும்போது மூலக்குறிக்குள் வரும் அடைப்பு 1/2, மூன்று மடங்கானால் 2/3. T இரு மடங்காகிவிட்டது, ஆனால் f ஏறியது பதினைந்து விழுக்காடுதான். அலை வேகமாகத்தான் ஓடுகிறது, ஆனால் ஓடவேண்டிய தூரமும் ஏறக்குறைய அதே அளவு நீண்டுவிட்டது. உண்மையான ரப்பர் சுருள்வில்லின் விதியை அப்படியே பின்பற்றுவதில்லை என்பதால் எண்கள் சற்று மாறலாம். ஆனாலும் எஃகுக் கம்பியை முறுக்கும்போது விறுவிறுவென ஏறும் சுரத்தையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் காதுக்கே புலப்படும்.